பொன்னேரி பஸ்ஸில் போன தாலி

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கருவிகளைச் சோதித்துச் சரிசெய்வது என் வேலை. டிப்ளமோ முடித்ததும் கிடைத்தது. ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து பழவேற்காடு, அங்கிருந்து பொன்னேரிக்கு பஸ், பொன்னேரியில் ரயில் என்று தினமும் போய் வருகிறேன். எதையும் வரிசைப்படுத்தி யோசிப்பது தொழிலில் வந்த பழக்கம். அந்தப் பழக்கத்தில் பயணத்துக்கென்றும் சில விதிகள் வைத்திருந்தேன்.

கழுத்தில் ஒன்றும் இல்லாமல் ஏறுவது முதல் விதி. கம்மல் சின்னதாக இருக்க வேண்டும், பின்பக்கம் திருகாணியாக இருக்க வேண்டும். பை முன்னால் வயிற்றோடு இருக்க வேண்டும். நகை கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் கைப்பையில் வைக்கக் கூடாது, உள்பாவாடையில் ஜிப் வைத்த பை தைத்து அதில் வைக்க வேண்டும். ரயில் கிளம்பும் நேரத்தில் ஜன்னலோரம் உட்காரக் கூடாது. ஒருமுறை வண்டி நகர ஆரம்பித்த நொடியில் வெளியிலிருந்து ஒரு கை உள்ளே வந்து, என் எதிரில் தூங்கிக்கொண்டிருந்த டீச்சரின் சங்கிலியை இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்தோடு பின்னால் போனதைப் பார்த்திருக்கிறேன். வண்டி வேகமெடுத்துவிட்டால் இறங்கித் துரத்தவும் முடியாது. கூட்டம் இல்லாத நேரத்தில் பெண்கள் பெட்டியில் தனியாக இருக்கக் கூடாது, ஆள் இருக்கும் பொதுப் பெட்டிக்கு மாறிவிட வேண்டும். பக்கத்தில் யாராவது சில்லறையைக் கொட்டினால் குனியக் கூடாது. யாராவது தேவைக்கு மேல் அன்பாக இருந்தால் கழுத்தில் கை வைத்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லும்போது அண்ணி சிரிப்பாள். "பாப்பா பஸ்ல போவுதா, பார்டருக்குப் போவுதா" என்று அண்ணனிடம் கேட்பாள்.

அண்ணியின் தங்கைக்குத் திருவொற்றியூரில் வளைகாப்பு வந்தது. அண்ணனால் வர முடியாது. முகத்துவாரம் மணல் அடைத்துப் போனதிலிருந்து ஏரியில் வலை போட்டு வீடு நடத்த முடியவில்லை என்று காசிமேட்டு விசைப்படகு ஒன்றில் ஆளாகச் சேர்ந்திருந்தான். போனால் பத்து நாளாவது ஆகும், அதுவரை போன் எடுக்காது. ஒரு வாரத்துக்கு முன்புதான் போயிருந்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆகவே நானும் அண்ணியும் மட்டும் கிளம்பினோம்.

முந்தின நாள் மாலை அண்ணியின் நகைகளை நான்தான் எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாக போனில் படம் எடுத்தேன். நெக்லஸும் வளையல்களும் உள்பாவாடைப் பைக்குள் போய்விட்டன. அங்கே போய், மண்டபத்துக்குள் நுழைந்த பிறகு போட்டுக்கொண்டால் போதும் என்றேன். சரி என்றாள். மிச்சம் இருந்தது தாலிச் சங்கிலி. ஐந்து சவரன், முறுக்குச் சங்கிலி. அதில் தாலி, இரண்டு பக்கமும் குண்டு, காசு எல்லாம் கோர்த்திருந்தது. முதலில் மஞ்சள் கயிற்றில் வேறு பொட்டுத் தாலி கட்டிக்கொண்டு, கழுத்து வெறுமையாகாமல், அதற்குப் பிறகு சங்கிலியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடலாம் என்று சொன்னேன். அது என் பார்வையில் குறை இல்லாத ஏற்பாடு.

அண்ணி சிரிக்கவில்லை. "உங்கண்ணன் கடல்ல கீது பாப்பா. கழட்டக்கூடாது."

எங்கள் குப்பத்தில் இதற்கு மேல் பேச்சு கிடையாது. ஆள் கடலில் இருக்கும்வரை பெண்ணின் கழுத்திலிருந்து தாலி இறங்கக் கூடாது. குளிக்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை. அம்மாவுக்கு ஒருமுறை கழுத்தில் கொப்புளம் வந்து சீழ் பிடித்தபோதும், நைனா கரை ஏறும்வரை சங்கிலிக்கு அடியில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தாள். நான் படித்தவள், இதை நம்புவதில்லை என்று வெளியில் சொல்வேன். ஆனாலும் வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. ஊக்கால் சங்கிலியை ரவிக்கையின் உள்பக்கம் குத்திவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள், இழுத்தால் கழுத்தும் சேர்ந்து அறுபடும் என்று நானே ஒருமுறை சொன்னேனாம். உண்மைதான், சொல்லியிருந்தேன். கடைசியில் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டாள். கூட்டம் வந்தால் முந்தானையை இரண்டு தோளையும் சுற்றிப் போர்த்திக்கொண்டு கையால் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள்.

காலை பஸ் பழவேற்காட்டிலேயே நிரம்பியிருந்தது. பெண்களுக்குக் காசில்லாத பஸ் என்பதால் எப்போதும் அப்படித்தான். மீன்காரம்மாக்கள் அலுமினியக் கூடைகளைப் பின்பக்கம் அடுக்கிவிட்டு இருக்கைகளைப் பிடித்திருந்தார்கள். நாங்கள் நடுவில் நின்றோம். கூடைத் தண்ணீர் என் செருப்புக்கடியில் ஓடியது. ஒரு பெரியம்மா, வெற்றிலை போட்டவள், அண்ணியின் பட்டுப்புடவையைப் பார்த்து எங்கே போகிறோம் என்று கேட்டுவிட்டு, கூடையைத் தள்ளி வைத்து, "மேல படாம நில்லும்மா, அப்பறம் வளகாப்புல பூனைங்கோ தொரத்தினு வரும்" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அதுதான் கடைசி.

வழியில் ஒரு நிறுத்தத்தில் மூன்று பெண்கள் ஏறினார்கள். நல்ல புடவை, தலை நிறையப் பூ. கல்யாணத்துக்குப் போகிறவர்கள்போல இருந்தார்கள். ஒருத்தி தோளில் துண்டு ஒன்றை விரித்துப் போட்டிருந்தாள். கூட்டம் நெருக்கியதில் நான் அண்ணியிடமிருந்து மூன்று நான்கு ஆள் தள்ளிப் போய்விட்டேன். அந்த மூவரில் ஒருத்தி தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தாள். அண்ணி அவளுக்கு வழி விடத் திரும்பினாள். எங்கோ சில்லறை கொட்டிய சத்தம் கேட்டது. காசு காசு என்று ஒருத்தி குனிந்தாள், ஆட்கள் காலைத் தூக்கினார்கள், தள்ளினார்கள்.

நான் உடனே அண்ணியைப் பார்த்தேன். சில்லறைச் சத்தம் என்றால் எனக்கு அப்படித்தான். அண்ணியின் கை கழுத்தில் இருந்தது. அவள் முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் போர்த்தி, மார்புக்கு மேல் இறுகப் பிடித்துக்கொண்டாள். சொன்னபடி செய்கிறாள் என்று எனக்கு நிம்மதியானது. அடுத்த நிறுத்தத்தில் அந்த மூவரும் இறங்கினார்கள். வாந்தி வந்தவளை மற்ற இருவரும் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார்கள்.

பஸ் இன்னும் இரண்டு நிறுத்தங்கள் போய்விட்டது. கொஞ்சம் இடம் கிடைத்து நான் அண்ணி பக்கம் நகர்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது. புடவை ஓரத்தில் ஒரு பொட்டு ரத்தம்.

"அண்ணி?"

அவள் வாய் மட்டும் அசைந்தது. நான் முந்தானைக்குள் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். வெறும் கழுத்து.

ஏன் கத்தவில்லை என்று பிறகு எத்தனையோ பேர் அவளைக் கேட்டார்கள். போலீஸில் கேட்டார்கள், உறவில் கேட்டார்கள். எங்கள் குப்பத்துப் பெண்கள் மட்டும் கேட்கவில்லை. ஆள் கடலில் இருக்கும்போது வெறுங்கழுத்தை ஊர் பார்க்கக் கூடாது. கத்தினால் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். ஆகவே திருடி பக்கத்தில் நிற்கும்போதே, அவள் மூச்சு தன்மேல் படும்போதே, அண்ணி செய்த முதல் காரியம் கழுத்தை மூடியது. நான் எதைப் பாதுகாப்பு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேனோ, அது களவு போனதற்குப் பின்னால் நடந்தது.

கண்டக்டரை நோக்கி நான் கத்தினேன். அவர் நீண்ட விசில் கொடுத்து பஸ்ஸை ஓரம் கட்டச் சொன்னார். கதவைத் திறக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, "யாரும் எறங்காதீங்க, எந்த எடத்துல போச்சு, யார் மேல சந்தேகம்?" என்று கேட்டார். நான் அந்த மூவர் இறங்கிய நிறுத்தத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அங்கியே சொல்லிருந்தா கதவ மூடினு நேரா ஸ்டேஷனுக்கே வுட்டிருப்பேனேம்மா."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் நூறுக்குப் போன் போட்டேன். பஸ் தடம், எந்த நிறுத்தத்தில் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், மூன்று பேர், ஒருத்தி தோளில் துண்டு. அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. முகம் எப்படி என்று மறுமுனையில் கேட்டார்கள். நான் பார்த்தது முதுகுகளைத்தான். முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அண்ணி. அவளிடம் போனை நீட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். பேச மாட்டேன் என்றா, முடியவில்லை என்றா, தெரியவில்லை.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. சங்கிலியைப் பிடரியில் சின்னக் கட்டரால் நறுக்கியிருக்கிறார்கள். தோலில் இருந்த கீறல் அதைத்தான் சொன்னது. நறுக்கிய பிறகு ஒரு முனையைப் பிடித்து உருவினால், கோர்த்திருப்பவை மறுமுனை வழியாக நழுவி விழலாம். தாலி சங்கிலியோடு போயிருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. இதை அண்ணியின் காதில் சொன்னதும் அவள் முதன்முறையாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வந்த நம்பிக்கைக்காகவே சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

வெற்றிலை போட்ட பெரியம்மா எழுந்தாள். ஆண்களைப் பின்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள். நாலைந்து மீன்காரம்மாக்கள் முந்தானைகளை விரித்து மறைப்பு கட்டினார்கள். அதற்குள் அண்ணியின் ரவிக்கை, கொசுவம், உள்பாவாடை எல்லாவற்றையும் உதறிப் பார்த்தோம். பைக்குள் இருந்த நெக்லஸும் வளையல்களும் பத்திரமாக இருந்தன. அவற்றைக் கண்டதும் எனக்கு அழுகை வந்தது. கூடைகளை நகர்த்தி, மீன் தண்ணீரில் கைவிட்டு, மண்டியிட்டுத் தேடினோம். ஒரு பெண் இருக்கைக்கடியிலிருந்து ஒரு தங்கக் குண்டை எடுத்தாள். ஒன்றே ஒன்று. தாலி இல்லை. இன்னொரு குண்டும் இல்லை.

பஸ்ஸில் இருந்தவர்கள் பொறுமை இழந்தார்கள். வேலைக்கு நேரமாகிறது என்றார்கள். ஒருவர், பஸ்ஸில் இவ்வளவு நகை யார் போட்டுக்கொண்டு வரச் சொன்னது என்றார். பெரியம்மா திரும்பாமலே பதில் சொன்னாள். "நீ பொண்டாட்டி கழுத்துல கட்டுனத பீரோவுல வச்சி பூட்டினுதான் வந்தியா நைனா?"

கண்டக்டர் எங்களைப் போகும் வழியில் இருந்த காவல் நிலைய வாசலில் இறக்கிவிட்டார். பஸ் எண்ணையும் தன் போன் எண்ணையும் எழுதிக் கொடுத்தார். பெரியம்மாவும் கூடையை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு எங்களோடு இறங்கினாள். நாங்கள் கேட்கவில்லை. அவளுடைய வியாபாரம் அன்று போனதுதான்.

நிலையத்தில் இருந்த பெண் எஸ்.ஐ. எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். சங்கிலியின் படம், கடை ரசீது, எடை எல்லாம் என் போனில் இருந்தன. அவற்றை வாங்கிக்கொண்டு, இப்படிக் கொண்டுவருகிறவர்கள் குறைவு என்றார். பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். இந்த மாதிரி ஆட்கள் ஒரே இடத்தில் நிற்க மாட்டார்கள், அடுத்த பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ ஏறி ரயிலைப் பிடிப்பார்கள், சங்கிலி இந்நேரம் கை மாறியிருக்கும், ஆனால் ஆட்களை ரயில் நிலையத்தில் மடக்கலாம், அதற்கு அடையாளம் வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். நிறம், வயது, மூக்குத்தி எந்தப் பக்கம், பல் எப்படி. ஏதாவது.

அண்ணி பேசவில்லை. முந்தானையைப் பிடித்த கையை விடவில்லை.

வெளியே போயிருந்த பெரியம்மா பெட்டிக்கடையில் மஞ்சள் கயிறும் ஒரு விரலி மஞ்சளும் வாங்கி வந்தாள். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அண்ணியைக் கூட்டிப்போய் உட்காரவைத்து, கிழக்கே திருப்பி, கயிற்றில் மஞ்சளைக் கட்டினாள். அண்ணி அவள் கையைத் தடுத்துவிட்டாள்.

"வேணாம். அவுரு கீறாரானு தெரியாம நான் கட்டிக்க மாட்டேன்."

அவளைப் பொறுத்தவரை அறுந்தது அண்ணனைப் பற்றிய ஒரு சேதி. அந்தச் சேதியைக் கயிறு கட்டி மூடிவிட முடியாது. உள்ளே எஸ்.ஐ. காத்திருந்தார். எங்கோ மூன்று பெண்கள் ரயில் நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய முகங்கள் இந்த ஒருத்தியின் கண்ணுக்குள் இருந்தன. அவளோ கடலில் இருக்கும் ஒருவனைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. நான் கெஞ்சினேன். அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது என்றேன், காற்று இல்லை என்றேன், வானிலை அறிக்கையை போனில் காட்டினேன். கெஞ்சக் கெஞ்ச அவள் முகம் இறுகியது. பெரியம்மா என் தோளைத் தொட்டு, போதும் என்பதுபோல் பார்த்தாள்.

படகு முதலாளியின் எண் என்னிடம் இருந்தது. காசிமேட்டில் அவர் வீட்டில் வயர்லெஸ் உண்டு. கூப்பிட்டேன். முதலில் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அவரும் எங்கள் ஆள்தான், அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. படகு வெகு தூரத்தில் இருக்கிறது, கரையிலிருந்து நேராக எட்டாது என்றார். நடுவில் நிற்கும் வேறு படகு எதையாவது பிடித்து, அவர்கள் மூலம் கேட்டுச் சொல்லச் சொல்கிறேன், போனை வைக்காதே என்றார். அவர் வயர்லெஸ்ஸில் பேசுவது எனக்குக் கேட்டது. இரைச்சல், படகுப் பெயர், மறுபடி இரைச்சல். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணியின் மடியில் வைத்தேன். போன் சார்ஜ் குறைந்துகொண்டிருந்தது. வேலையில் ஒரு கருவியின் முள் அசையக் காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான். அப்படிக் காத்திருக்க என்னால் அன்று முடியவில்லை. எழுந்து மரத்தைச் சுற்றி நடந்தேன். அதுவரை நான் நம்பாத ஒன்றை எனக்குள்ளே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

பிறகு ஒரு படகு பதில் சொன்னது. அது இன்னொன்றைக் கேட்டது. நீண்ட நேரம் வெறும் இரைச்சல். கடைசியில் யாரோ ஓர் ஆள், பெயர் தெரியாதவர், எரிச்சலான குரலில் சொன்னார். "அவனா? வலை இழுத்துனு கீறான். இப்ப வரமுடியாதுன்றான். இன்னா வேணுமாம்?"

முதலாளி எங்களுக்குத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார். அண்ணி கேட்கவில்லை. போன்மேல் குனிந்து முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் முதுகு குலுங்கியது. பெரியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வரமுடியாதாம், தொரைக்கு வேலயாம்" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை எடுத்தாள். இந்தத் தடவை அண்ணி தடுக்கவில்லை. முந்தானையைத் தானே விலக்கினாள். பிடரியில் மெல்லிய கீறல், ரத்தம் காய்ந்திருந்தது. பெரியம்மா முடிச்சு போடும்போது அதில் படாமல் போட்டாள்.

அண்ணி எழுந்து, உள்ளே போய், எஸ்.ஐ. எதிரில் நின்றபடியே பேசினாள். வாந்தி வந்தவளுக்கு மேல்வரிசைப் பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. துண்டுக்காரிக்கு இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. மூன்றாமவள் காதில் போட்டிருந்தது கவரிங், அதில் ஒரு கல் இல்லை. துண்டில் பச்சைக் கட்டம். அவர்கள் தங்களுக்குள் பேசியது தமிழும் இல்லை, நமக்குத் தெரிந்த தெலுங்கும் இல்லை. எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். ஒன்று விடாமல் பார்த்திருந்தாள். எஸ்.ஐ. எழுதிக்கொண்டே வயர்லெஸ்ஸில் ரயில்வே போலீசுக்குச் சொன்னார். எங்களுக்குப் புகார் ரசீது கொடுத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் எனக்குப் புரிந்தது. நேரம் கடந்துவிட்டது.

அவர்கள் அன்று பிடிபடவில்லை. இன்றுவரை இல்லை. எஸ்.ஐ. சில சமயம் போன் செய்து, வேறு வழக்கில் பிடித்தவர்களின் படத்தை அனுப்புவார். அண்ணி பார்த்து, இல்லை என்பாள். வளைகாப்புக்கு நாங்கள் போகவில்லை. அன்று எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வீடு திரும்பினோம். பஸ்ஸில் யார் நெருங்கினாலும் நான் முழங்கையை வைத்துத் தடுத்தேன், தடுப்பதற்கு ஒன்றும் இல்லாதபோதும்.

அண்ணன் சொன்ன நாளைத் தாண்டி இரண்டு நாள் கழித்து வந்தான். அந்த இரண்டு நாளும் அண்ணி சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. படகு முதலாளி அதற்குள் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவன் பழவேற்காட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அண்ணியும் நானும் நிறுத்தத்தில் நின்றோம். அவன் பையைத் தரையில் வைத்தான். தங்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, பின்னலை ஒதுக்கி, பிடரியைப் பார்த்தான்.

"ஆழமா பட்டுச்சா?"

இல்லை என்று அவள் தலையாட்டினாள். அவன் அங்கேயே, ஆட்கள் இறங்கி ஏறும் வழியில், அவளை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பவில்லை. பின்னால் நின்றவர்கள் வழி விடச் சொன்னார்கள்.